தாமதமான ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்: நாளுக்கு 50 ரூபாயும் 18 சதவீத வட்டியும் எதன் மேல் விழுகின்றன?

கேள்வி: திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சென்ற நிதியாண்டு விற்றுமுதல் 1 கோடியே 10 லட்சம். ஜூலை மாத GSTR-3B-ஐ ஆகஸ்ட் 20-க்குள் போட முடியவில்லை. வர வேண்டிய ஒப்பந்தக்காரர் பணம் வரவில்லை. விற்பனை வரி 1,80,000, கொள்முதலில் கட்டிய வரி 1,44,000. ஆகஸ்ட் 18 அன்று 20,000 ரூபாய் சலான் கட்டி வைத்தேன். இன்று செப்டம்பர் 14, மீதியும் கைக்கு வந்துவிட்டது. வட்டி 1,80,000-க்கும் கட்ட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். என் மனைவி பெயரிலும் ஒரு பதிவு இருக்கிறது. வியாபாரமே தொடங்கவில்லை, ஏப்ரல் முதல் ரிட்டர்ன் போடவில்லை. வரியே இல்லாதபோது அதற்கும் அபராதம் உண்டா?

பதில்:

ஐயா, உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு தவறு. நீங்கள் வட்டி கட்ட வேண்டியது 16,000 ரூபாய்க்கு மட்டும்தான். உங்கள் மனைவியின் பதிவுக்கு வட்டி கிடையாது, ஆனால் தாமதக் கட்டணம் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சட்டம் இரண்டு தவறுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ரிட்டர்ன் உரிய நாளில் வராதது ஒரு தவறு, அதற்குத் தாமதக் கட்டணம். அரசுக்குச் சேர வேண்டிய பணம் உரிய நாளில் சேராதது இன்னொரு தவறு, அதற்கு வட்டி. முதலாவது சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 47-ஆம் பிரிவு, இரண்டாவது 50-ஆம் பிரிவு. பேச்சில் இரண்டையும் சேர்த்து 'ஃபைன்' என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தாமதக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். சட்டத்தில் எழுதியிருப்பது மத்திய வரிக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், மாநில வரிக்கு இன்னொரு 100. இது சிறு வியாபாரிகளால் தாங்க முடியாத சுமை என்பது ஜி.எஸ்.டி. வந்த 2017-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அதனால் GSTR-3B-க்கு அறிவிக்கை வழியாகக் குறைத்தார்கள். இன்று வரி உள்ள ரிட்டர்னுக்கு 25-ம் 25-மாக நாள் ஒன்றுக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்னுக்கு 10-ம் 10-மாக 20 ரூபாய். வரித் தொகை எவ்வளவு என்பதை இந்தக் கட்டணம் பார்ப்பதில்லை. 500 ரூபாய் வரிக்கும் நாளுக்கு 50 ரூபாய்தான், 5 லட்சத்துக்கும் அதே 50 ரூபாய்தான்.

இது முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதும் இல்லை. 2021 ஜூன் மாதத்து ரிட்டர்னிலிருந்து, முந்தைய நிதியாண்டின் விற்றுமுதலை வைத்து உச்சவரம்பு உண்டு. ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய், அதற்கு மேல் 5 கோடி வரை 5,000 ரூபாய், 5 கோடியைத் தாண்டினால் 10,000 ரூபாய். வரி இல்லாத ரிட்டர்னுக்கு, விற்றுமுதல் எதுவானாலும் 500 ரூபாயோடு நின்றுவிடும். இந்த எண்கள் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டையும் சேர்த்தவை.

உங்கள் கடையின் கணக்கு: கடைசி நாள் ஆகஸ்ட் 20, தாமதம் 21-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. ஆகஸ்டில் 11 நாள், செப்டம்பரில் இன்றுவரை 14 நாள், ஆக 25 நாள். நாளுக்கு 50 வீதம் 1,250 ரூபாய், அதாவது 625-ம் 625-ம். 40-ஆம் நாளில் இது 2,000-ஐத் தொட்டு நின்றிருக்கும்.

இனி வட்டி. விகிதம் ஆண்டுக்கு 18 சதவீதம், நாள் கணக்கு.

```
வட்டி = தொகை × 18/100 × தாமத நாட்கள்/365
```

விகிதத்திலும் நாட்களிலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சண்டை எல்லாம் அந்தத் 'தொகை' எது என்பதில்தான். உங்களிடம் 1,80,000 என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்புவரை துறையே அப்படித்தான் கேட்டது. கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரி வரவை, ரிட்டர்ன் போடும்வரை பயன்படுத்தியதாகக் கொள்ள முடியாது, ஆகவே முழு வரியும் பாக்கிதான் என்பது அவர்கள் வாதம். 2019-இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம், பணமாகக் கட்டும் பகுதிக்கு மட்டுமே வட்டி என்று 50-ஆம் பிரிவில் ஒரு வரம்புரையைச் சேர்த்தது. அது பழைய மாதங்களுக்கும் பொருந்துமா என்று அடுத்த கேள்வி எழுந்தபோது, 2020 ஜனவரியில் ரெஃபெக்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் பொருந்தும் என்று சொன்னது. வரவு ஏற்கெனவே அரசின் கையில் இருக்கும் பணம், அதற்கு எப்படி வட்டி கேட்க முடியும் என்ற எளிய நியாயம்தான் அதன் அடிப்படை. கடைசியில் 2021 நிதிச் சட்டம், 2017 ஜூலை 1 முதலே அப்படித்தான் என்று எழுதி விவாதத்தை முடித்தது.

ஆகவே உங்கள் 1,44,000 வரவு வட்டிக் கணக்கிலிருந்து முதலிலேயே வெளியே போய்விடுகிறது. மிச்சம் 36,000. இதற்கு 25 நாள் வட்டி 443 ரூபாய் 84 காசு. முழு 1,80,000-க்குப் போட்டிருந்தால் 2,219 ரூபாய் ஆகியிருக்கும்.

அடுத்தது நீங்கள் ஆகஸ்ட் 18 அன்று கட்டிய 20,000. இது வரியாகக் கட்டியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சலான் கட்டினால் பணம் உங்கள் பெயரிலுள்ள மின்னணு பணப் பேரேட்டில் வந்து உட்காருகிறது. ரிட்டர்ன் போடும்போது அங்கிருந்து கழிக்கப்படும் நொடியில்தான் அது வரியாகிறது. பணம் போன மாதமே அரசுக் கணக்குக்குப் போய்விட்ட பிறகும், கழிக்கும் நாள்வரை வட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை எதிர்த்தும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஜனவரியில் ஐஷர் மோட்டார்ஸ் வழக்கில், பேரேட்டில் பணம் சேர்ந்த பிறகு வட்டி இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று விதி 88B-யிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். கடைசி நாளன்றோ அதற்கு முன்போ பேரேட்டில் கட்டப்பட்டு, கழிக்கப்படும் நாள்வரை அங்கேயே இருந்த தொகைக்கு வட்டி கிடையாது.

அந்த விதியில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன, இரண்டையும் கவனியுங்கள். பணம் கடைசி நாளுக்குள் வந்திருக்க வேண்டும். நீங்கள் 18-ஆம் தேதி கட்டியது தப்பியது. அதையே 22-ஆம் தேதி கட்டியிருந்தால், விதியின் சொற்களின்படி அந்தச் சலுகை இல்லை, முழு 25 நாளுக்கும் வட்டி விழும். இரண்டாவது, இடையில் அந்தப் பணத்தைத் தொட்டிருக்கக் கூடாது. வேறு பாக்கிக்காக 5,000 எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப நிரப்பியிருந்தால், அந்த 5,000-க்குப் பாதுகாப்பு போய்விடும். உங்கள் பணப் பேரேட்டின் பட்டியலை இன்றே திறந்து, ஆகஸ்ட் 18 முதல் இன்றுவரை இருப்பு எந்த நாளிலும் 20,000-க்குக் கீழே இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இறங்கவில்லை என்றால் மிச்சம் 16,000.

```
16,000 × 18/100 × 25/365 = 197.26
```

சி.ஜி.எஸ்.டி.க்குப் பாதி, எஸ்.ஜி.எஸ்.டி.க்குப் பாதி, தலா 98 ரூபாய் 63 காசு. முழு ரூபாயாக்கினால் 99-ம் 99-ம்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்களைப் போன்ற எத்தனையோ கடைக்காரர்கள் பணம் முழுதாகச் சேரட்டும் என்று காத்திருந்து நஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் குறைந்தது 16,000 ரூபாய். அதன் வட்டி நாளுக்கு 8 ரூபாய்கூட இல்லை. ஆனால் அந்த 16,000 இல்லாததால் ரிட்டர்ன் நின்றது, ரிட்டர்ன் நின்றதால் நாளுக்கு 50 ரூபாய் ஓடியது. மொத்தம் 1,447 ரூபாய். 16,000-க்கு 25 நாளில் 1,447 என்றால் அது நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ பதினொரு ரூபாய் வட்டி. கடைத்தெருவில் யாராவது பதினொரு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் நீங்கள் வாங்குவீர்களா? மாதம் இரண்டு வட்டிக்கு அந்தப் பணத்தைப் புரட்டியிருந்தால் 267 ரூபாயில் முடிந்திருக்கும்.

பாதிப் பணத்தைக் கட்டி ரிட்டர்னை முடித்துக்கொள்ளும் வழி GSTR-3B-இல் இல்லை என்பதுதான் இதற்கெல்லாம் வேர். முழு வரியும் கழிக்கப்பட்டால்தான் தாக்கல் ஆகும். அதனால் பணமாகக் கட்ட வேண்டியது சிறியதாக இருக்கும்போது, தாமதத்தின் செலவு பெரும்பாலும் கட்டணத்தில்தான் இருக்கிறது. இரண்டும் சமமாகும் புள்ளியைப் போட்டுப் பார்த்தேன்: பணமாகக் கட்ட வேண்டிய வரி ஏறத்தாழ 1,01,400 ரூபாய் ஆகும்போதுதான் ஒரு நாள் வட்டி 50 ரூபாயைத் தொடுகிறது. அதற்குக் கீழே கட்டணம் கனம், மேலே வட்டி கனம். உங்கள் அளவுக் கடையில் 40 நாளுக்குப் பிறகு கட்டணம் நின்றுவிடும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வரி பெரிதாக உள்ளவர்கள் 'கட்டணம் உச்சத்தைத் தொட்டாயிற்று, இனி எப்போது போட்டால் என்ன' என்று இருந்துவிடுவது இதனால்தான் ஆபத்து.

'நில்' என்ற சொல்லையும் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம் என்றால் நில் ரிட்டர்ன் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு மாதம் உங்கள் விற்பனை வரி 1,80,000, உள்ளீட்டு வரவும் 1,80,000 என்று வையுங்கள். பணமாகக் கட்ட ஒன்றும் இல்லை, அதனால் எத்தனை நாள் தாமதமானாலும் வட்டி பூஜ்யம். ஆனால் செலுத்த வேண்டிய வரி என்று ரிட்டர்னில் ஒரு தொகை இருக்கிறது. அதை வரவால் அடைத்தீர்கள், அவ்வளவுதான். எனவே கட்டணம் நாளுக்கு 50, உச்சவரம்பு 2,000. நாளுக்கு 20 என்ற விகிதம், செலுத்த வேண்டிய வரியே இல்லாத ரிட்டர்னுக்குத்தான். லாரி வாடகைக்கு, வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 300 ரூபாய் வரி இருந்தால்கூட அது நில் இல்லை. அந்த 300-ஐ வரவால் அடைக்கவும் முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும், தாமதமானால் அதற்கு வட்டியும் சேரும்.

இப்போது உங்கள் மனைவியின் பதிவு. வியாபாரம் நடந்ததா என்பது கேள்வியே இல்லை. பதிவு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ரிட்டர்ன் போடும் கடமை இருக்கிறது, விற்பனை பூஜ்யம் என்று சொல்வதற்கும்தான் ரிட்டர்ன். வரி இல்லாததால் வட்டி இல்லை. கட்டணத்தைப் பார்ப்போம். ஏப்ரல் ரிட்டர்னின் கடைசி நாள் மே 20, மே மாதத்தினது ஜூன் 20, ஜூன் மாதத்தினது ஜூலை 20. மூன்றும் 25 நாளைத் தாண்டிவிட்டன, ஒவ்வொன்றும் 500 ரூபாயில் நிற்கிறது. ஜூலை ரிட்டர்ன் இன்றோடு சரியாக 25 நாள், 20 வீதம் அதுவும் 500. ஆக 2,000 ரூபாய். ஒரு ரிட்டர்னுக்கு 500 சிறிய தொகைதான். ஆனால் உச்சவரம்பு ரிட்டர்னுக்கு ரிட்டர்ன் தனி என்பதால், இப்படியே விட்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய், ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத பதிவுக்கு.

இந்த நான்கையும் வரிசையாகத்தான் போட முடியும், ஏப்ரலை விட்டுவிட்டு மே போட முடியாது. ஏப்ரலைத் திறந்தால் திரையில் கட்டணம் ஏதும் காட்டாது, 'தப்பித்தோம்' என்று தோன்றும். ஒரு ரிட்டர்னின் தாமதக் கட்டணத்தை அடுத்த ரிட்டர்னின் 5.1 அட்டவணையில்தான் இணையதளம் ஏற்றுகிறது. ஏப்ரலின் 500 மே மாதத்தில் வரும், மே மாதத்தினது ஜூனில் வரும். ஜூலையின் 500, இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஆகஸ்ட் ரிட்டர்னில் வந்து நிற்கும். அதனால் இன்று 1,500-ம் அடுத்த வாரம் 500-ம் தேவைப்படும். முழு 2,000-ஐயும் இன்றே பேரேட்டில் கட்டிவிட்டால் பிறகு தேட வேண்டாம்.

உங்கள் கடைக்கும் இதே முறைதான். ஜூலையின் 1,250 ரூபாய் கட்டணமும் வட்டியும் ஆகஸ்ட் ரிட்டர்னில் தாமாகவே வந்து நிற்கும். வட்டியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். திரையில் வரும் எண் 198-ஐ ஒட்டி இருந்தால் சரி. 444-ஐ ஒட்டி இருந்தால் முன்கூட்டியே கட்டிய 20,000 கழிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது பணப் பேரேட்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைக் காட்ட வேண்டும்.

சலான் போடும்போது எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது. பணப் பேரேடு ஒரே பெட்டியல்ல. சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி. என்று தனித்தனி அறைகள், ஒவ்வோர் அறைக்குள்ளும் வரி, வட்டி, அபராதம், கட்டணம் என்று தனித்தனி தட்டுகள். அவர் முழுப் பணத்தையும் கட்டணம் என்ற கட்டத்தில் நிரப்பி PMT-06 சலானைக் கட்டிவிட்டார். பேரேட்டில் பணம் இருக்கிறது, ஆனால் வரிக்குக் கழிய மறுக்கிறது. என்னவோ தளக்கோளாறு என்று மூன்று நாள் காத்திருந்தார், மூன்று நாளுக்கும் 50 ரூபாய் ஓடியது. PMT-09 என்ற படிவத்தால் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம், அது அவருக்குத் தெரியவில்லை. வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் உள்ளீட்டு வரவால் கட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வரவுப் பேரேட்டில் லட்சக்கணக்கில் இருந்தாலும் இந்த இரண்டுக்கும் பணம்தான் வேண்டும்.

ஜூலை ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் பொத்தானை அழுத்துமுன் இன்னொரு வேலை செய்யுங்கள். ஜூலை மாத பில் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் புரட்டிப் பாருங்கள். விடுபட்ட பில் இருந்தால் இப்போதே GSTR-1A வழியாகச் சேர்த்துவிடலாம், ஜூலையின் 3B தாக்கலாகும்வரை அந்த வாசல் திறந்திருக்கும். 'அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் வட்டிக் கணக்கே மாறிவிடும். பணப் பகுதிக்கு மட்டும் வட்டி என்ற சலுகை, அந்தந்த மாதத்து விற்பனையை அந்தந்த மாத ரிட்டர்னிலேயே காட்டுபவர்களுக்குத்தான். ஜூலை விற்பனையை ஆகஸ்ட் ரிட்டர்னில் காட்டினால் விதி 88B-யின் அடுத்த உட்பிரிவு பாய்கிறது, அந்த பில்லின் முழு வரிக்கும் வட்டி. ஒரு லட்ச ரூபாய் பில், 18,000 வரி என்று வையுங்கள். ஆகஸ்ட் ரிட்டர்னைச் செப்டம்பர் 20 அன்று உரிய நாளிலேயே போட்டாலும், ஜூலை வரி 31 நாள் தாமதம். வட்டி 275 ரூபாய். வரவுப் பேரேட்டில் அந்த 18,000-ஐ அடைக்கத் தாராளமாக மிச்சம் இருந்தவருக்கும் இதே 275-தான். அதையே ஜூலை ரிட்டர்னில் காட்டியிருந்தால் அவருக்கு வட்டி பூஜ்யம்.

இதே போல, துறை 73 அல்லது 74 போன்ற பிரிவுகளின் கீழ் நடவடிக்கை தொடங்கிய பிறகு ரிட்டர்ன் போட்டாலும் சலுகை பறிபோகும். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை, வரவும் விடாதீர்கள்.

இன்றைய தாமதத்தின் விலையை நீங்கள் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூலை 3B நிலுவையில் இருந்ததால், விற்பனை பில்களைக் காட்டும் ஆகஸ்ட் மாத GSTR-1 உங்களுக்குத் திறந்திருக்காது. அது 11-ஆம் தேதிக்குள் போக வேண்டியது. உங்களிடம் பில் போட்டு வாங்கும் ஒப்பந்தக்காரர்களின் வரவுப் பட்டியல் மாதந்தோறும் 14-ஆம் தேதி உருவாகிறது. அதில் உங்கள் பில்கள் இருக்காது, அவர்கள் தங்கள் வரவை ஒரு மாதம் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். ஜூலை நிலுவையில் இருக்கும்போதே ஆகஸ்ட் 3B-யும் தவறினால் இரண்டு தொடர் மாதங்கள் ஆகிவிடும், அப்போது இ-வே பில் எடுப்பது தடைபடும். கம்பியும் தகடும் லாரியில் ஏற்றும் கடைக்கு அது நாளுக்கு 50 ரூபாயைவிடப் பெரிய நஷ்டம்.

ஆக, இன்று உங்கள் கடைக்கு வேண்டியது வரித் தட்டில் இன்னும் 16,000 ரூபாய், சி.ஜி.எஸ்.டி.க்கு 8,000-ம் எஸ்.ஜி.எஸ்.டி.க்கு 8,000-ம். அதைக் கட்டி ஜூலையை முடியுங்கள், உடனே ஆகஸ்ட் GSTR-1-ஐ அனுப்புங்கள். ஆகஸ்ட் 3B-க்காகக் கட்டும் சலானில் கட்டணத் தட்டில் தலா 625, வட்டித் தட்டில் தலா 99 சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் பதிவை என்ன செய்வது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு நான்கு மாதம்தான் நிலுவை. தொடர்ந்து ஆறு மாதம் போடாமல் விட்டால் அதிகாரியே பதிவை ரத்து செய்யலாம், பிறகு உயிர்ப்பிப்பது தனி அலைச்சல். தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், நிலுவையை முடித்துவிட்டுக் காலாண்டு ரிட்டர்ன் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ள யாரும் மாறலாம். அக்டோபர்–டிசம்பர் காலாண்டிலிருந்து மாற அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது. 12 ரிட்டர்ன் நான்காகும், தமிழ்நாட்டில் அதன் கடைசி நாள் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. பழைய கட்டணம் எதுவும் நிலுவையில் இல்லாதபோது நில் ரிட்டர்னை இணையதளத்துக்கே போகாமல் பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தியிலும் போடலாம். மாத ரிட்டர்ன் போடுபவர் அனுப்ப வேண்டியது இப்படி இருக்கும். கடைசி ஆறு இலக்கங்கள் மாதமும் ஆண்டும்.

```
NIL 3B GSTIN MMYYYY
```

திரும்ப வரும் குறியீட்டை வைத்து உறுதி செய்தால்தான் தாக்கல் முடியும். முதல் செய்தி அனுப்பியதோடு போட்டாயிற்று என்று இருந்துவிடுபவர்களுக்கு அந்த மாதமும் நாளுக்கு 20 ரூபாய் ஓடும்.

தொழில் எண்ணமே இல்லை என்றால் நிலுவையை முடித்து REG-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பியுங்கள். ரத்து ஆணை வந்ததும் ஒன்றை மறக்காதீர்கள். GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் ஒன்று உண்டு, அதற்கு மூன்று மாத அவகாசம். 3B-க்குத் தந்த நில் சலுகை விகிதம் அதற்கு இல்லை. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், 10,000 வரை.